ரிகர்சல் நடுவுல லைட் ட்ரஸ் ஒரு பக்கம் இறங்கினது: சென்னை ஹால் ஒன்னுல நடந்த நிகழ்வு ஆய்வு

நான் சென்னையில ஒரு ஆடிட்டோரியத்துல டெக்னீஷியன். எங்க ஹால்ல ஒரு பரதநாட்டிய ஸ்கூல் நிகழ்ச்சியோட ரிகர்சல் அப்ப மேடைக்கு மேல தொங்கின லைட் ட்ரஸ், அதாவது லைட் எல்லாம் மாட்டற அலுமினியச் சட்டம், இடது பக்கம் வழுக்கி இறங்கிடுச்சு, யாருக்கும் அடி இல்ல. ஹால் பேரு, ஸ்கூல் பேரு, லைட் கான்ட்ராக்டர் பேரு எதுவும் இங்க வராது. இதே மாதிரி கட்டு ஊர்ல எத்தனையோ மேடையில தொங்கிட்டு இருக்குங்கறதால நடந்ததை வரிசையா எழுதி வைக்கறேன்.

பின்னணி

எங்க ஹால் பழைய ஹால். மேடைக்கு மேல குறுக்கால இரும்பு பீம் ஓடுது, பீமை ஒட்டி ஒரு ஆள் நடக்கற அளவுக்கு கேட்வாக் இருக்கு. எங்களுக்குன்னு மோட்டார் ஹாய்ஸ்ட் எல்லாம் கிடையாது. எங்களோட லைட் எல்லாம் ஆடியன்ஸ் தலைக்கு மேல இருக்கற முன்பக்க பைப்லயும் விங்ஸ்லயும்தான், மேடை நடுவுல எக்ஸ்ட்ரா லைட் வேணும்னா புக் பண்றவங்க வெளிய இருந்து கான்ட்ராக்டரை கூட்டிட்டு வருவாங்க, அவரு தன்னோட அலுமினியம் ட்ரஸ்ஸை கொண்டு வந்து எங்க பீம்ல தொங்கவிடுவாரு. இது பல வருஷமா இப்படியேதான் நடந்துட்டு இருந்தது.

தொங்கவிடற முறையும் ஒன்னேதான். கையால செயின் இழுத்து எடை தூக்கற செயின் பிளாக் ரெண்டை கேட்வாக்ல மாட்டி ட்ரஸ்ஸை தூக்குவாங்க, உயரம் வந்ததும் பீம்ல இருந்து வயர் ரோப் விட்டு ட்ரஸ்ஸை சுத்தி, வயர் முனையை நட்டு வெச்ச கிளிப்பால முடுக்கி கட்டி, செயின் பிளாக்கை தளர்த்தி, எடை முழுக்க வயர்ல உக்காந்ததும் செயின் பிளாக்கை கழட்டி அடுத்த சைட்டுக்கு எடுத்துட்டு போயிடுவாங்க. இதுக்கு டெட் ஹேங்னு பேரு. செயின் பிளாக் ரெண்டு செட்டுக்கு மேல பெரும்பாலான சின்ன கான்ட்ராக்டர்கிட்ட இருக்காது, சீசன் நேரத்துல ஒரே நாள்ல மூணு ஹால் ஓடும், அதனால கழட்டாம விட்டு வைக்க அவங்களுக்கு கட்டுப்படியாகாது. இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், செயின் பிளாக் போயிட்டா அந்த ட்ரஸ்ஸை இறக்கறதுக்கு ஹால்ல வேற வழியே இல்ல. அன்னைக்கு இதுதான் எங்களை ரொம்ப நேரம் உக்கார வெச்சது.

முந்தின ராத்திரி கட்டினது

8 மீட்டர் நீள பாக்ஸ் ட்ரஸ். ரெண்டு ஓரத்துல இருந்தும் 1 மீட்டர் உள்ள தள்ளி ஒவ்வொரு வயர், ஆக ரெண்டு வயருக்கும் நடுவுல 6 மீட்டர். மேடை தரையில இருந்து சுமார் ஐந்தரை மீட்டர் உயரம். ட்ரஸ் எடை 50 கிலோ கிட்ட, அதுல சமமா பரத்தி பத்து எல்.இ.டி பார் லைட், ஒவ்வொன்னும் 4 கிலோ, கேபிள் கிளாம்ப் எல்லாம் ஒரு 15 கிலோ. மொத்தம் 105. இது தவிர தலை தானா திரும்பி ஆடற மூவிங் ஹெட் லைட் நாலு, கிளாம்ப்போட சேர்த்து ஒன்னு 20 கிலோ வரும், இடது பக்கம் ரெண்டு வலது பக்கம் ரெண்டுன்னு பிளான். அப்படியே இருந்திருந்தா ஒவ்வொரு வயர்லயும் 90 கிலோவுக்கு கொஞ்சம் மேல.

மறுநாள் மதியம் செட் ஆளுங்க வந்து வலது பக்கம் கோயில் வளைவு ஒன்னு நிறுத்தினாங்க, நல்ல உயரம், அந்தப் பக்கத்து மூவிங் ஹெட் பீம் எல்லாம் வளைவோட முதுகுலதான் விழுந்துது. டீச்சருக்கு ஒரு உருப்படியில சூரிய உதயம் மாதிரி ஒரே பக்கத்துல இருந்து வெளிச்சம் வேணும்னும் இருந்துது. லைட் கான்ட்ராக்டரோட பையன் ஒருத்தன் வலது பக்க ரெண்டையும் கழட்டி இடது ஓரத்துக்கு மாத்திட்டான், பவர் எடுக்கற பாயின்ட்டும் இடது பக்கம்தான் இருக்குங்கறதால அவனுக்கு வேலை சுலபம். ரெண்டு ஹெட் வயருக்கு வெளிய ஓரத்துல, ரெண்டு ஹெட் வயருக்கு உள்பக்கம். இதை யாரும் யாருகிட்டயும் சொல்லல, சொல்லணும்னு ஒரு வழக்கமும் அப்ப ஹால்ல கிடையாது.

ரிகர்சல்ல பார்த்தது

சாயங்காலம் ஃபுல் ரிகர்சல். சின்ன பசங்க ஒரு பதினாலு பேரு மேடையில, மத்தவங்க விங்ஸ்ல, முன் வரிசையில அம்மாக்கள் போன்ல வீடியோ எடுத்துட்டு இருக்காங்க. நான் ஹால் பின்னாடி கன்ட்ரோல் டெஸ்க்ல, எனக்குப் பக்கத்துல கான்ட்ராக்டரோட ஆபரேட்டர்.

மேடை மேல ட்ரஸ்ஸை மறைக்கற மாதிரி கறுப்பு ஃப்ரில் ஒன்னு குறுக்கால தொங்கும். மதியம் பார்த்தப்ப எந்த லைட்டும் தெரியல, ஃப்ரில்லோட கீழ் விளிம்பு சுத்தமா இருந்துது. மூணாவது உருப்படி ஓடிட்டு இருக்கும்போது இடது ஓரத்துல ரெண்டு பார் லைட்டோட மூக்கு ஃப்ரில்லுக்கு கீழ எட்டிப் பார்க்குது, வலது பக்கம் ஒன்னும் தெரியல. ஆபரேட்டர்கிட்ட கேட்டேன், "தம்பி, இடது பக்கம் லைட்டை இறக்கி மாட்டினீங்களா?" அவன் "இல்லண்ணா, எல்லாம் ஒரே லெவல்தான்"னான். மதியம் மேடையை போட்டோ எடுத்து வெச்சிருந்தேன், எடுத்துப் பார்த்தா அதுல தெரியல. ஃப்ரில் ஏறியிருக்கா இல்ல ட்ரஸ் இறங்கியிருக்கா, ரெண்டுல ஒன்னு. ஃப்ரில் தனி பைப்ல இருக்கு, அது தானா ஏறாது.

பாட்டை நிறுத்தச் சொல்லலாம்னு எழுந்திரிக்கும்போது வேகமான ஜதி ஒன்னு வருது, ஆபரேட்டர் நாலு மூவிங் ஹெட்டையும் ஒன்னா மேலயும் கீழயும் ஆட்டற சேஸ் ஓட விட்டுட்டான். ரெண்டு மூணு ஆட்டம்தான். மேல இருந்து "டக்"னு ஒரு சத்தம், இடது ஓரம் ஒரு சாண் அளவு இறங்கி அப்படியே நின்னுது. முன் வரிசையில இருந்தவங்க பாதி பேரு அதை எஃபெக்ட்னு நினைச்சு கைதட்டினாங்க, அது வேற.

முதல் சில நிமிஷம்

முதல்ல செஞ்சது பாட்டை நிறுத்தி டீச்சர் கையில மைக் கொடுக்கச் சொன்னது. நான் கத்தினா பசங்க என்னைத்தான் பார்ப்பாங்க, இல்லனா மேல பார்த்துட்டு அங்கயே நிப்பாங்க. டீச்சர் சொன்னா கேப்பாங்க. அவங்ககிட்ட சொன்னது இவ்வளவுதான்: "மேடம், ட்ரஸ்ஸுக்கு முன்னாடி நிக்கற பசங்க முன் படி வழியா கீழ வரட்டும், பின்னாடி நிக்கறவங்க பின்பக்க விங்ஸுக்கு போகட்டும், யாரும் ட்ரஸ்ஸுக்கு கீழ குறுக்க ஓடக்கூடாது." அவங்க குரல் ஒரு துளி கூட நடுங்கல, கிளாஸ்ல சொல்ற மாதிரியே சொன்னாங்க, பசங்களும் வரிசையா போயிட்டாங்க.

ரெண்டாவது, லைட்டை அணைக்கல. பதட்டத்துல எல்லாரும் மொதல்ல மெயினை ஆஃப் பண்ணத்தான் ஓடுவாங்க. இருட்டுல பசங்க எங்க ஓடுவாங்கன்னு யாருக்கும் தெரியாது, மேல ட்ரஸ் இன்னும் இறங்குதா இல்லையான்னும் பார்க்க முடியாது. ஹால் லைட் முழுக்க போட்டோம், மேடை வேலை லைட்டையும் போட்டோம். ட்ரஸ் மேல இருந்த ஹெட் எல்லாத்தையும் இருந்த பொசிஷன்லயே நிறுத்தச் சொன்னேன், பிளாக் அவுட்டோ ஹோம் பொசிஷனோ எதுவும் வேணாம்னு, ஏன்னா அது திரும்ப ஒரு ஆட்டம். ஒரு மூவிங் ஹெட்ல தலைப் பகுதி மட்டுமே கிட்டத்தட்ட பாதி எடை இருக்கும், அது வேகமா போய் சட்டுனு நிக்கும்போது தொங்கற கட்டுக்கு ஒரு உதை விழும், நாலும் ஒரே நேரத்துல ஒரே திசையில போனா நாலு உதையும் சேர்ந்து விழும்.

கரண்ட்டை எப்ப எடுக்கறதுன்னு ஒரு சின்ன வாக்குவாதம். ஆபரேட்டர் "டக்குனு ஆஃப் பண்ணா லேம்ப் போயிடும்ணா, ஃபேன் ஓடணும்"னான், டிஸ்சார்ஜ் லேம்ப் விஷயத்துல அவன் சொல்றது சரிதான். பவர் கேபிளைப் பார்த்தேன், ட்ரஸ் இறங்கினதுல இடது பக்க லூப் இழுபடாம இன்னும் தொளதொளன்னுதான் இருந்துது. அதனால டெஸ்க்ல இருந்து லேம்ப் ஆஃப் மட்டும் கொடுத்து, மேடையில யாரும் இல்லாத நிலையில ஃபேன் ஓடி சூடு அடங்கற வரைக்கும் விட்டு, அப்புறம் டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸ்ல எம்.சி.பி இறக்கினோம். கேபிள் விறைப்பா இருந்திருந்தா லேம்ப் போனா போகட்டும்னு அப்பவே கட் பண்ணியிருப்பேன், இழுபட்ட கேபிள் கனெக்டர்ல இருந்து பிஞ்சு ட்ரஸ் மேல விழுந்தா அலுமினியம் முழுக்க கரண்ட் ஏறிடும்.

யாரும் மேல ஏற வேணாம்னு சொன்னது

கான்ட்ராக்டர் கால்மணி நேரத்துல வந்துட்டாரு. வந்து மேல பார்த்துட்டு "கிளிப் லூஸ் ஆயிருக்கு சார், ரெண்டு நட்டுதானே, ஏணி வெச்சு பையன் ஏறி டைட் பண்ணிடுவான், பத்து நிமிஷத்துல ரிகர்சல் ஓடிடும்"னாரு. ஹால் மேனேஜரும் அதுக்கு கிட்டத்தட்ட ஓகே சொல்ற நிலைமையில இருந்தாரு, மறுநாள் ஷோ, டிக்கெட் இல்லாட்டியும் சீஃப் கெஸ்ட் எல்லாம் வர்றாங்க, அவரு கஷ்டம் அவருக்கு.

நான் முடியாதுன்னு சொன்னதுக்கு காரணம் இருக்கு. ஏணியை எங்க சாய்ப்பான்? ட்ரஸ் மேலதான். வழுக்கிட்டு இருக்கற ஒன்னை பக்கவாட்டுல ஒரு ஆள் எடையோட தள்ளற வேலை அது. ரெண்டாவது, வயர் கிளிப் எடையில இருக்கும்போது ஸ்பேனர் வெச்சா நட்டு இறுகறதுக்கு முன்னாடி கிளிப் ஒரு அசைவு அசையும், பிடியில இருக்கற கடைசி கொஞ்சமும் அந்த அசைவுல விட்டுடலாம். அப்ப பையன் இருக்கற இடம் நேரா அதுக்குக் கீழ. எல்லாத்துக்கும் மேல, ஏன் வழுக்குச்சுன்னே இன்னும் தெரியல, நட்டு லூஸுங்கறது கீழ நின்னு பார்த்து சொல்ற யூகம்.

மேனேஜர் கேட்ட இன்னொன்னு, "சரி மேடை முன்னாடி மட்டும் பசங்களை ஆட விடலாமா?" அதுவும் வேணாம்னேன். இடது வயர் முழுசா விட்டா ட்ரஸ் நேரா கீழ விழாது, வலது வயரைப் பிடிச்சுட்டு ஊஞ்சல் மாதிரி வீசும், அந்த வீச்சுல மொத்த எடையும் வலது வயர்ல ஒரே உதையா விழும், அதுவும் இதே மாதிரி கட்டுதான். மாட்டியிருக்கற லைட் எங்க பறக்கும்னு சொல்ல முடியாது. மேடை முழுக்கவும் முதல் மூணு வரிசையும் காலி, படி பக்கம் கயிறு கட்டி ஒரு ஆளை நிறுத்தினோம். டீச்சர் பசங்களை லாபிக்கு கூட்டிட்டு போயி நட்டுவாங்கம் தட்டி அங்கயே மிச்ச உருப்படியை ஓட்டிட்டாங்க, இந்த முடிவை அவங்கதான் எடுத்தாங்க, எங்க எல்லாரையும் விட தெளிவா இருந்தது அவங்கதான்னு சொல்லணும்.

இறக்கினது

செயின் பிளாக் ஆலந்தூர் பக்கம் குடோன்ல இருந்து வரணும். சாயங்கால மவுன்ட் ரோடு டிராஃபிக்ல அது வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆச்சு, அது வரைக்கும் யாரும் ஒன்னும் பண்ணாம உக்காந்திருந்தோம். வேலைகள்லயே கஷ்டமானது அதுதான், சும்மா உக்காரும்போது ஆளாளுக்கு ஒரு ஐடியா வரும். அந்த நேரத்துல நான் செஞ்சது ஃப்ரில்லையும் இடது ஓரத்தையும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அதே இடத்துல நின்னு போட்டோ எடுத்தது மட்டும்தான். அதுக்கு அப்புறம் இறங்கலன்னு அதை வெச்சுத்தான் சொல்ல முடிஞ்சுது.

ரெண்டு 1 டன் செயின் பிளாக் வந்துது. கேட்வாக்ல ரெண்டே பேரு, நானும் கான்ட்ராக்டரோட சீனியர் ஒருத்தரும், ஹார்னஸ் போட்டு கொக்கியை பீம்ல மாட்டினோம், ட்ரஸ்லயோ ட்ரஸ் தொங்கற வயர்லயோ எதையும் மாட்டல. பீம்ல பழைய வயர் இருக்கற இடத்தை விட்டு ஒரு அடி தள்ளி பெல்ட் ஸ்லிங் போட்டு அதுல செயின் பிளாக். ட்ரஸ் கேட்வாக்ல இருந்து கைக்கு எட்டற ஆழத்துலதான் இருந்துது, படுத்துட்டு கொக்கி கம்பால இன்னொரு பெல்ட் ஸ்லிங்கை ட்ரஸ்ஸோட அடிப்பக்க ரெண்டு பைப்பையும் சேர்த்து சுத்தி எடுத்து ஹூக்ல மாட்டினோம். மேல் பைப்ல மட்டும் சுத்தினா ஒத்த பைப்ல எடை விழும்.

முதல்ல வழுக்கின இடது பக்கம். செயினை இழுத்து இழுத்து ஸ்லிங் விறைப்பாகற வரைக்கும், அதுக்கு அப்புறம் ஒவ்வொரு இழுப்புக்கும் நிறுத்தி பழைய வயரை விரலால தட்டிப் பார்த்தோம். விறைப்பா இருக்கற வயர் தட்டினா கிண்ணுன்னு இருக்கும், எடை போனதும் தொளன்னு ஆயிடும். தொளன்னு ஆனதும் நிறுத்திட்டோம், லெவலுக்கு தூக்கணும்னு முயற்சி பண்ணல. அதே மாதிரி வலது பக்கம். ரெண்டு பக்கமும் எடை செயின்ல வந்த பிறகுதான் பழைய வயரை கழட்டினது, கீழ நின்ன ஒருத்தர் மட்டும் குரல் கொடுக்க ரெண்டு பக்கமும் ஒரே அளவுல விட்டு விட்டு தரைக்கு கொண்டு வந்தோம். சாய்வா இருந்தப்ப ஒரு பார் லைட் பைப்ல சறுக்கி பக்கத்து லைட் மேல முட்டி நின்னிருந்துது, அந்த ஒன்னுக்கு சேஃப்டி வயரும் இல்ல, மத்ததுக்கெல்லாம் இருந்துது.

கீழ வந்த பிறகு தெரிஞ்சது

வயரை கையில எடுத்ததும் விஷயம் புரிஞ்சிடுச்சு. அது மேல தெளிவான பிளாஸ்டிக் கோட்டிங் போட்ட வயர், பார்க்க பளபளன்னு நல்லா இருக்கும், பாரிஸ் கார்னர்ல ஹார்டுவேர் கடையில மீட்டர் கணக்குல கிடைக்கும். வெளி அளவு 6 எம்.எம், உள்ள இரும்பு 4 எம்.எம்தான். கிளிப்பை கோட்டிங் மேலயே போட்டு முடுக்கியிருக்காங்க. கிளிப் கடிச்சது பிளாஸ்டிக்கை, இரும்பை இல்ல. எடை ஏற ஏற உள்ள இருக்கற இரும்பு வயர் தன்னோட உறைக்குள்ளயே நழுவியிருக்கு. நழுவின பக்கம் பிளாஸ்டிக், முழங்கைக்கு மேல சுருட்டிவிட்ட சட்டைக் கை மாதிரி மடிப்பு மடிப்பா ஒரு கொத்தா கிளிப்புக்கு முன்னாடி குவிஞ்சிருந்துது. மடிப்புக்கு பின்னாடி விரல் நீளத்துக்கு வெறும் இரும்பு, மின்னிட்டு இருந்துது. அந்த கொத்து ரெண்டாவது கிளிப்புல சிக்கினதாலதான் ட்ரஸ் ஒரு சாணோட நின்னுது. வேற எதுவும் அதைப் பிடிச்சு வெக்கல.

கான்ட்ராக்டர் பார்த்துட்டு சொன்னது, "சார், இந்த வயர் 800 கிலோ தாங்கும், கடைக்காரன் சொன்னான்." கடைக்காரர் பொய் சொல்லல. 4 எம்.எம் இரும்பு வயர் அறுந்து போக 800 கிலோவுக்கு மேலயே வேணும். ஆனா அன்னைக்கு வயர் அறுந்து போகவே இல்லையே, ஒரு இழை கூட பிரியல. எவ்வளவு தடிமன் வயர் போட்டாலும் அதோட முனையை எது பிடிச்சிருக்கோ அதோட பலம்தான் மொத்த கட்டோட பலம்.

கிளிப் போட்ட விதத்துலயும் தப்பு இருந்துது. இந்த கிளிப்ல ரெண்டு பாகம், யூ மாதிரி வளைஞ்ச போல்ட் ஒன்னு, வரி வரியா பள்ளம் இருக்கற அடிக்கட்டை ஒன்னு, சாடில்னு சொல்லுவாங்க. எடை தாங்கற நீள வயர் பக்கம் சாடில் உக்காரணும், சும்மா தொங்கற வால் பக்கம் யூ போல்ட் வரணும், ஏன்னா யூ போல்ட் வயரை நசுக்கும், நசுங்கறது எடை இல்லாத வாலா இருந்தா பரவாயில்ல. இடது பக்கம் ரெண்டே கிளிப், அதுலயும் ஒன்னு சரியா ஒன்னு திருப்பி. இந்த அளவு வயருக்கு மூணாவது இருக்கணும், ஒன்னுக்கும் அடுத்ததுக்கும் வயர் தடிமனைப் போல ஆறு மடங்கு இடைவெளி. இவ்வளவும் சரியா போட்டாலும் எடை ஏறின பிறகு நட்டை திரும்ப ஒரு தடவை முடுக்கணும், இழுபட்டதும் வயர் கொஞ்சம் மெலியும், முடுக்கினது தானா லூஸாகும். சரியா போட்ட கிளிப்புக்கே வயரோட பலத்துல 80 சதவீதம் கிட்டத்தான் கணக்கு. தலைக்கு மேல தூக்கற வேலைக்கு இந்த மாதிரி கிளிப்பே வேணாம்னுதான் விஷயம் தெரிஞ்ச ரிக்கர் பலரும் சொல்லுவாங்க.

வலது பக்கத்தையும் பிரிச்சுப் பார்த்தோம். மூணு கிளிப், மூணும் சரியான திசையில, ஆனா அதே கோட்டிங் மேல. அங்கயும் பிளாஸ்டிக்ல லேசா ஒரு சுருக்கம் விழ ஆரம்பிச்சிருந்துது. எடை கம்மியா இருந்ததால மெதுவா நடந்திருக்கு, அவ்வளவுதான்.

எடைக் கணக்கு

மூவிங் ஹெட்டை மாத்தினதுக்கு அப்புறம் எந்த வயர்ல எவ்வளவு வந்துதுன்னு போட்டுப் பார்த்தேன், கஷ்டமான கணக்கு இல்ல. ட்ரஸ், பார் லைட், கேபிள் எல்லாம் சமமா பரவியிருக்கு, 105 கிலோ, ஆளுக்கு பாதி, 52 கிலோ சொச்சம். நாலு மூவிங் ஹெட்டும் சேர்ந்து 80 கிலோ. அதுல ரெண்டு இடது வயருக்கு வெளிய, ரெண்டு அதே அளவு உள்ள, அப்ப நாலோட நடு எடை நேரா இடது வயர் மேலதான் விழுது, 80-ம் இடது வயருக்கே, வலது வயருக்கு ஒரு கிலோ கூட போகாது. இடது 132, வலது 52. மொத்த எடையை ரெண்டால வகுத்தா 92 வரும், கான்ட்ராக்டர் மனசுல இருந்ததும் அந்த நம்பர்தான். மொத்தத்துல ஒரு கிலோ கூட ஏறல, வெறும் இடம் மாத்தினதுலயே ஒரு வயருக்கு 40 கிலோ கூடிடுச்சு. அதுக்கு மேல சேஸ் ஓடும்போது விழற உதை வேற. 132 கிலோ இந்த வயருக்கு ஒன்னுமே இல்லதான், பிளாஸ்டிக் பிடிக்கு அது அதிகம்.

முந்தின ராத்திரி முழுக்க விழாம நின்னதுக்கும் சாயங்காலம் இறங்கினதுக்கும் விளக்கம் இதுல இருக்குன்னு நினைக்கறேன். மாத்தினதுமே மெதுவா நழுவ ஆரம்பிச்சிருக்கணும், ஃப்ரில்லுக்கு கீழ மூக்கு தெரிஞ்சது அந்த மெதுவான நழுவல். சேஸ் ஓடினப்ப மிச்ச பிடி ஒரே மூச்சுல விட்டுடுச்சு. மேல பவர்ஃபுல் லைட் சூட்டுல பிளாஸ்டிக் இளகியிருக்குமான்னு ஒருத்தர் கேட்டாரு, கொஞ்சம் இருக்கலாம், ஆனா வலது பக்கம் மூவிங் ஹெட் இல்லாமலே சுருக்கம் விழுந்திருக்கே, சூடு மட்டும் காரணமா இருக்க முடியாது.

மறுநாள்

ட்ரஸ் இல்லாமத்தான் ஷோ. மூவிங் ஹெட் நாலும் மேடைத் தரையில விங்ஸ் ஓரமா உக்காந்துது, பார் லைட் டி ஸ்டாண்ட்ல, மிச்சம் எங்க முன்பக்க பைப். டீச்சர் கேட்ட சூரிய உதயம் தரையில இருந்து வந்த பீம்லதான் உண்மையிலேயே நல்லா வந்துது, பக்கவாட்டு வெளிச்சம் கீழ இருந்து வரும்போது அபிநயம் பளிச்சுன்னு தெரியும். மேல் வெளிச்சம் இல்லாததால பின் வரிசை பசங்க முகம் கொஞ்சம் இருட்டுதான், ரெண்டு பெற்றோர் புகார் சொன்னாங்க, மேனேஜர் பதில் சொல்லிட்டாரு.

ஹால்ல மாத்தினது

டெட் ஹேங்கை தடை பண்ணல, பண்ணா சின்ன கான்ட்ராக்டர் யாரும் வரமுடியாது. ஆனா கையால கிளிப் போட்ட வயர் எங்க பீம்ல ஏறாது. ரெண்டு முனையிலயும் வளையம் நசுங்காம இருக்க திம்பிள்ங்கற இரும்புப் பள்ளம் வெச்சு, ஃபெருல்ங்கற உலோகக் குழாயை மெஷின்ல அழுத்தி மூடின ரெடிமேட் ஸ்லிங், தாங்கற எடை அடிச்ச டேக்கோட, டி ஷாக்கிள்ல மாட்டணும். கோட்டிங் வயரா இருந்தா வாசல்லயே திருப்பி அனுப்பறோம், உள்ள இரும்பு துருப்பிடிச்சா கூட வெளிய தெரியாதுங்கறது அதுக்கு இன்னொரு காரணம். ஒவ்வொரு தொங்கற இடத்துக்கும் பக்கத்துல தனியா ஒரு இரும்பு பேக்கப் ஸ்லிங், கிட்டத்தட்ட தொய்வே இல்லாம. தொய்வு ஒரு அடி விட்டா விழற ட்ரஸ் அந்த ஒரு அடியில வேகம் பிடிச்சிடும், அப்புறம் பேக்கப் இருந்தும் பிரயோஜனம் இல்ல. பேக்கப்பா பெல்ட் ஸ்லிங் மட்டும் போட்டா ஒத்துக்கறதில்ல, சூடான லைட் பக்கத்துல பாலியஸ்டர் உருகிடும், இறக்க ஏத்த மட்டும் அது போதும்.

செயின் பிளாக் ஷோ முடியற வரைக்கும் ஹாலை விட்டு வெளிய போகக்கூடாது. இதுக்குத்தான் அதிக எதிர்ப்பு, வாடகை யாரு தர்றதுன்னு. கடைசியில ஹாலே ரெண்டு வாங்கி வெச்சிடுச்சு, புக்கிங்ல ஒரு சின்ன சார்ஜா சேர்த்துட்டாங்க.

மேடைக்கு மேல மாட்டற எல்லாத்துக்கும் ஒரு பேப்பர், எது எங்க எத்தனை கிலோன்னு கோடு போட்டு வரையணும். ஒரு லைட்டை ஒரு வயர்ல இருந்து இன்னொரு வயர் பக்கம் மாத்தினா திரும்ப என்கிட்ட காட்டிட்டுத்தான். ரிகர்சலுக்கு முன்னாடி ட்ரஸ்ஸோட ரெண்டு ஓரத்துல இருந்தும் மேடை வரைக்கும் டேப் பிடிச்சு உயரம் எழுதறோம், இடைவேளையில திரும்ப ஒரு தடவை. ரெண்டு நிமிஷ வேலை, அன்னைக்கு இது இருந்திருந்தா ஃப்ரில்லா ட்ரஸ்ஸான்னு யோசிக்கவே வேண்டியிருந்திருக்காது.

இன்னும் முடியாத விஷயம் பீம். கட்டின காலத்து டிராயிங் ஹால் ஆபீஸ்ல கிடைக்கல, பீம் ஒவ்வொரு இடத்துலயும் எவ்வளவு தாங்கும்னு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் அளந்து எழுதிக் கொடுக்கணும், பேச்சுவார்த்தை நடந்துட்டு இருக்கு. அது வர்ற வரைக்கும் ஒரு இடத்துக்கு 100 கிலோன்னு நாங்களே ஒரு வரம்பு போட்டிருக்கோம், அதுக்கு மேல கேக்கறவங்களுக்கு தரையில நிக்கற கோல் போஸ்ட் ட்ரஸ் போடச் சொல்றோம். அந்த கான்ட்ராக்டர் இப்பவும் எங்க ஹாலுக்கு வர்றாரு, ஃபெருல் ஸ்லிங் எட்டு வாங்கி தனி பெட்டியில வெச்சிருக்காரு, மத்த ஹாலுக்கு போறப்ப அதை எடுத்துட்டு போறாரான்னு கேட்டேன், "எடுத்துட்டுத்தான் சார் போறேன், ஆனா அங்க யாரும் கேக்கறதில்ல"ன்னாரு.